‘பகிரப்படலாம்’ என்றால் யாரிடம்? ஒரு பால் கணக்கு ஆப்பின் அறிவிப்பைத் திருப்பி எழுதிய பதிவு

நானும் என் நண்பரும் பால்காரர்களுக்காக ஒரு சின்ன ஆப் நடத்துகிறோம். எந்த வீட்டுக்குக் காலையில் எவ்வளவு ஊற்றினோம், சாயங்காலம் எவ்வளவு, யார் எத்தனை ரூபாய் பாக்கி என்று குறித்து வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் வீட்டுக்கு வீடு பில் அனுப்பலாம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தொடங்கியது. இப்போது சுமார் 600 பேர் தினமும் திறக்கிறார்கள். கையில் இருந்த நோட்டுக்குப் பதிலாக வந்த ஆப், அவ்வளவுதான்.

தை மாதம் ஒரு நாள் ஒருவர் போன் செய்தார். புதிதாக ஆப்பை இறக்கியிருந்தார்.

“தம்பி, தொறந்ததுமே போன்ல இருக்கற நம்பரையெல்லாம் பாக்கட்டுமான்னு கேக்குதுங்க. எதுக்குங்க அது?”

வீட்டுக்காரர் பெயரை டைப் செய்யாமல் போனிலிருந்தே எடுத்துக்கொள்ளத்தான் என்று சொன்னேன்.

“சரிங்க. அது எங்கீங்க எழுதியிருக்குது?”

செட்டிங்ஸில் ‘தனியுரிமைக் கொள்கை’ என்று இருக்கும், அதில் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு நானே திறந்து பார்த்தேன். அதில் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்பு ஆப்பைப் பிளே ஸ்டோரில் ஏற்ற ஒரு இணைப்புக் கட்டாயம் வேண்டும் என்பதற்காக ஒரு மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பிப் போட்டது. மூவாயிரம் சொல்லுக்கு மேல், முழுக்க ஆங்கிலம். எங்கள் ஆப்பில் இல்லாத குக்கீகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. கலிபோர்னியாவில் வசிப்பவர்களின் உரிமைகளைப் பற்றி இன்னொரு பகுதி. போனில் இருக்கும் நம்பர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு மனிதர் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நேர்மையாகக் கேட்ட கேள்விக்கு அந்த மூவாயிரம் சொல்லில் பதில் இல்லை என்பது எனக்கு மிகவும் உறுத்தியது. அன்று ராத்திரியே திருப்பி எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘நாங்கள் வாங்கும் விவரங்கள்:’ என்று போட்டுவிட்டு யோசித்தால், முழுப் பட்டியல் எனக்கே தெரியவில்லை. ஆப்பை எழுதியவன் நான். ஆனால் நான்கு வருடத்தில் சேர்த்தது, எடுத்தது, நண்பர் சேர்த்தது, வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த நிரல் நூலகங்கள் தாமாகக் கொண்டுவந்தது எல்லாம் கலந்து கிடந்தது. அதனால் எழுதும் வேலையை நிறுத்திவிட்டு இரண்டு நாள் தேடும் வேலை செய்தோம்.

முதலில் ஆப் எந்தெந்த அனுமதிகளைக் கேட்கிறது என்று பார்த்தோம். அனுமதிகளைப் பட்டியலிட்டு நம் கையால் எழுதிய மேனிஃபெஸ்ட் கோப்பைப் பார்த்தால் போதாது. ஆப்பைக் கட்டும்போது ஒவ்வொரு நூலகமும் தன் அனுமதியையும் அதில் சேர்த்துவிடும். கட்டி முடித்த கோப்பைத்தான் கேட்க வேண்டும்:

```
apkanalyzer manifest permissions app-release.apk
```

நாங்கள் எதிர்பார்த்தது இணையமும் போன் நம்பர்களும் மட்டும். வந்த பட்டியலில் இன்னும் இரண்டு முக்கியமானவை இருந்தன. ஒன்று, இருப்பிடம். வீடுகளைப் போகும் வழிப்படி வரிசைப்படுத்த ஒரு வசதி செய்து, யாரும் பயன்படுத்தாததால் எடுத்துவிட்டிருந்தோம். திரையிலிருந்து எடுத்தோம், அனுமதியை எடுக்க மறந்திருந்தோம். மற்றொன்று `AD_ID`, விளம்பரத்துக்காகப் போனில் இருக்கும் அடையாள எண்ணைப் படிக்கும் அனுமதி. எங்கள் ஆப்பில் விளம்பரமே கிடையாது. எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று எண்ணுவதற்காக வைத்திருந்த அனலிடிக்ஸ் நூலகம் அதைக் கூடவே கொண்டுவந்திருந்தது. அந்த எண்ணிக்கைப் பக்கத்தை நாங்கள் கடைசியாக எப்போது திறந்தோம் என்று இருவருக்கும் நினைவில்லை. இருப்பிட அனுமதியை எடுத்தோம், அந்த நூலகத்தையே தூக்கிவிட்டோம். கட்டித் திரும்ப அதே கட்டளையை ஓட்டியபோது இரண்டும் போயிருந்தன.

இங்கேதான் இந்த வேலையின் போக்கு எனக்குப் பிடிபட்டது. ஒரு விஷயத்துக்கு ஏன் என்று ஒரு வரியில் காரணம் எழுத முடியவில்லை என்றால், வரியை நீட்டி மெழுகுவதைவிட அந்த விஷயத்தை ஆப்பிலிருந்து எடுத்துவிடுவதே எளிது. எடுத்ததும் அறிவிப்பும் அந்த அளவுக்குச் சிறுத்துவிடுகிறது.

போன் நம்பர்களும் அப்படித்தான் முடிந்தது. நாங்கள் எல்லா நம்பர்களையும் படித்து ஆப்புக்குள் ஒரு பட்டியலாகக் காட்டிக்கொண்டிருந்தோம். சர்வருக்கு அனுப்பவில்லை, ஆனாலும் படித்தோம். உண்மையில் தேவை ஒரு வீட்டுக்காரரின் பெயரும் நம்பரும். அதற்கு ஆண்ட்ராய்டில் வேறு வழி இருக்கிறது. போனின் சொந்த நம்பர் பட்டியலைத் திறந்துவிட்டு, ஆள் தொட்ட ஒரே ஒரு நம்பரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். இதற்கு எல்லா நம்பர்களையும் படிக்கும் `READ_CONTACTS` அனுமதி தேவையில்லை:

```kotlin
val pick = Intent(Intent.ACTION_PICK,
    ContactsContract.CommonDataKinds.Phone.CONTENT_URI)
```

இந்த மாற்றத்தோடு, தை மாதம் போன் செய்தவர் பார்த்த அந்தக் கேள்விப் பெட்டியே வராமல் போனது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒப்புதல் பற்றிய 6-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. தொலைவழி மருத்துவ ஆப் ஒன்று மருத்துவச் சேவைக்கான விவரங்களோடு போனில் உள்ள நம்பர் பட்டியலையும் கேட்கிறது, பயனரும் இரண்டுக்கும் சரி என்கிறார். சேவைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை என்பதால் அவர் கொடுத்த சம்மதம் அதற்குச் செல்லாது என்கிறது சட்டம். அதைப் படித்தபோது எங்களுக்கே எழுதியதுபோல இருந்தது.

அடுத்து, எது போனை விட்டு வெளியே போகிறது என்ற கேள்வி. சர்வருக்குப் போவது தெரியும். நாங்கள் மறந்திருந்தது ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்பு. மேனிஃபெஸ்டில் `android:allowBackup` பற்றி எதுவும் சொல்லாவிட்டால் அது ஆனில்தான் இருக்கும். ஆப்பின் கோப்புகள், 25 எம்பி வரை, பயனரின் சொந்த கூகுள் கணக்குக்குப் பிரதியாகப் போகும். போன் தொலைந்தால் கணக்கு திரும்பக் கிடைக்கும் என்பதால் பால்காரருக்கு அது நல்லதுதான். அதை அணைக்கவில்லை. ஆனால் ‘உங்கள் போனில் மட்டுமே இருக்கும்’ என்று எதைப் பற்றியும் நாங்கள் எழுதினால் அது பொய்யாகிவிடும் என்று தெரிந்துகொண்டோம்.

கடைசியாகத் தரவுத்தளத்தைத் திறந்து, ஒவ்வொரு நெடுவரிசையாகப் பார்த்தோம். பெயர், நம்பர், லிட்டர், விலை, பாக்கி, எல்லாம் எதிர்பார்த்தபடி. அப்புறம் ‘குறிப்பு’ என்று ஒரு நெடுவரிசை. வீட்டுக்கு வீடு பால்காரர் எதையாவது எழுதிக்கொள்ள வைத்த காலிப் பெட்டி அது. ‘தயிருக்குத் தனி’, ‘வெள்ளிக்கிழமை ஒரு லிட்டர் சேத்தி’ என்றெல்லாம் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தோம். சோதனைக்காக என் சித்தப்பாவின் கணக்கை அவர் அனுமதியோடு திறந்து பார்த்தேன். அவரும் பால் ஊற்றுகிறார். அதில் இப்படி இருந்தது: ‘12 முதல் 19 வரை ஊரில் இல்லை.’ ‘கேட் சாவி மீட்டர் பெட்டிக்குள்.’ ‘அம்மா மட்டும், மெதுவாகத் தட்டணும்.’

எந்த வீடு எந்தத் தேதியில் பூட்டியிருக்கும், சாவி எங்கே இருக்கும், எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார். 600 பால்காரர்கள், ஒவ்வொருவருக்கும் ஐம்பது அறுபது வீடுகள். இது அத்தனையும் எங்கள் சர்வரில் உட்கார்ந்திருந்தது. பழைய அறிவிப்பில் இதற்குப் பெயர் ‘பயனர் உள்ளிடும் உள்ளடக்கம்’. அந்தப் பெயரில் தப்பு எதுவும் இல்லை, அதைப் படிப்பவருக்குச் சாவி ஞாபகம் வராது என்பதுதான் பிரச்சினை. எங்களுக்கும் வரவில்லை.

குறிப்புப் பெட்டியைச் சர்வருக்கு அனுப்புவதை அன்றே நிறுத்தினோம். சர்வரில் இருந்ததை அழித்தோம். போனிலேயே ஒரு தனிக் கோப்புக்கு மாற்றி, அந்தக் கோப்பைத் தானியங்கிக் காப்பிலிருந்தும் விலக்கினோம். இதனால் போன் தொலைந்தால் குறிப்பும் போய்விடும். பால்காரருக்கு இது நஷ்டம்தான், சித்தப்பாவே வருத்தப்பட்டார். ஆனால் இழந்தால் திரும்ப எழுதிக்கொள்ளக்கூடியது குறிப்பு. வெளியே போனால் திரும்ப வாங்க முடியாதது சாவி இருக்கும் இடம்.

இவ்வளவுக்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஐந்து கேள்வி: என்ன, யாருடையது, எதற்கு, யார் கையில் இருக்கிறது, எப்போது அழியும். ஐந்துக்கும் பதில் இருந்தால்தான் அது அறிவிப்புக்குள் போகும்.

முதல் வரைவு பழைய ஆங்கிலத்தின் வாடையோடு வந்தது. ‘உங்கள் தொலைபேசி எண் சேகரிக்கப்பட்டு, சேவை வழங்கலுக்காக மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்.’ எழுதி முடித்து உரக்கப் படித்தபோது, இந்த வாக்கியத்தில் ஆளே இல்லை என்று பட்டது. சேகரிப்பது யார்? பகிர்வது யார்? ‘லாம்’ என்றால் பகிர்கிறீர்களா இல்லையா? தமிழில் ‘ப்படும்’ போட்டால் செய்தவர் மறைந்துவிடுகிறார், ‘லாம்’ போட்டால் செய்தாரா என்பதும் மறைந்துவிடுகிறது. ஒரு சட்டமாக வைத்துக்கொண்டேன்: அறிவிப்பு முழுவதிலும் ‘படும்’, ‘படலாம்’ வரக்கூடாது. எல்லா வாக்கியத்திலும் செய்வது நாங்களா நீங்களா என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் செய்பவரின் பெயர் வேண்டும்.

அந்த ஒரு சட்டம் எங்களை நிறைய வேலை வாங்கியது. ‘பகிரப்படலாம்’ என்பதை ‘நாங்கள் கொடுக்கிறோம்’ என்று மாற்றினால் உடனே யாருக்கு என்று எழுதியாக வேண்டும். உட்கார்ந்து எண்ணினால் மூன்று பேர். ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்துக்குப் பால்காரரின் நம்பர் போகிறது. மும்பையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் கணக்கு இருக்கிறது. ஆப் திடீரென்று நின்றுபோனால் போனின் மாடலும் எந்த இடத்தில் நின்றது என்பதும் கூகுளின் கிராஷ்லிடிக்ஸுக்குப் போகிறது, அங்கே 90 நாள் இருக்கிறது. மூன்றையும் மூன்று வரியில் எழுதிவிடலாம். ‘மூன்றாம் தரப்பினர்’ என்ற சொல் வேண்டியிருக்கவே இல்லை.

இரண்டாம் வரைவை எடுத்துக்கொண்டு ஐந்து பேரிடம் போனேன். மூன்று பால்காரர்கள், ஒரு பால்காரரின் மகள், எங்கள் தெருவில் பால் வாங்கும் ஓர் அக்கா. காகிதத்தில் கொடுக்கவில்லை, அவரவர் போனிலேயே திறந்து கொடுத்தேன். எழுத்து அளவு ஒவ்வொருவர் போனிலும் வேறு மாதிரி இருந்தது. பெரிய எழுத்து வைத்திருந்த ஒருவருக்கு முதல் திரையில் தலைப்பும் இரண்டு வரியும்தான் தெரிந்தது. ‘உங்கள் நம்பிக்கை எங்களுக்கு முக்கியம்’ என்று நான் ஆசையாக எழுதிய முன்னுரை அந்த இரண்டு வரியையும் தின்றிருந்தது. அங்கேயே அதை வெட்டினேன்.

புரிந்ததா என்று யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நம் முகத்துக்காகப் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக நான்கு கேள்வி வைத்திருந்தேன். உங்கள் நம்பர் யார் யார் கையில் இருக்கிறது? வீட்டுக்காரர் பாக்கியை நாங்கள் பார்க்க முடியுமா? ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டால் கணக்கு என்ன ஆகும்? எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்றால் எங்கே போவீர்கள்?

முதல் ஆள் படிக்கத் தொடங்கி ஒரு நிமிஷத்தில் நிமிர்ந்தார். “தரகு எவ்வளவு எடுப்பீங்க?” என்றார். எனக்குப் புரியவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார். ‘நாங்கள் உங்கள் தரவை எடுக்கிறோம்’ என்று நான் எழுதியிருந்ததை அவர் ‘தரகை எடுக்கிறோம்’ என்று படித்திருந்தார். மாட்டுச் சந்தைக்குப் போய்வரும் ஆளுக்குத் தரகு தெரிந்த சொல், தரவு தெரியாத சொல். கண் தெரிந்ததைத்தான் படிக்கும். சில வரி தள்ளி ‘உங்கள் கணக்கைச் சேமிக்கிறோம்’ என்று இருந்தது. பால்காரரின் மகள் படித்துக் காட்ட, அவர் அப்பா பணத்தைச் சேமிப்பதாகப் புரிந்துகொண்டு வட்டி உண்டா என்று கேட்டார். ஆக, ஒரு பக்கத்தில் தரகு எடுத்து, மறு பக்கத்தில் பணம் சேர்க்கும் சீட்டுக் கம்பெனி மாதிரி எங்கள் ஆப் தெரிந்திருக்கிறது. இவை இலக்கணப்படி சரியான தமிழ்ச் சொற்கள். கணினி படித்தவர்கள் நடுவில் நானும் தினமும் புழங்குகிறேன். ஆனால் இந்த வாசகருக்கு அந்தச் சொல்லில் வேறு பொருள் ஏற்கெனவே குடியிருக்கிறது. ‘தரவு’ என்பதை ‘விவரம்’ ஆக்கினேன், ‘சேமிக்கிறோம்’ என்பதை ‘வைத்திருக்கிறோம்’ ஆக்கினேன். அதன்பின் யாரும் தடுக்கவில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் ஐந்து பேரும் தவறினார்கள். ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்றே அத்தனை பேரும் நினைத்தார்கள். நோட்டைக் கிழித்துப் போட்டால் கணக்கு போய்விடும் இல்லையா, அந்தக் கணக்கு. என் வரைவில் ‘கணக்கை நீக்கும்போது விவரங்களை அழிக்கிறோம்’ என்று மட்டும் இருந்தது. அது உண்மை, ஆனால் ஆப்பை எடுப்பதும் கணக்கை நீக்குவதும் வேறு என்று அதில் யாருக்கும் தெரியாது. வேறு எந்த வரியையும்விட இந்த வரிக்கு நான் அதிக நேரம் செலவிட்டேன். கடைசியில் நேராகவே எழுதினேன்: ‘ஆப்பைப் போனிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது. கணக்கு எங்கள் சர்வரில் அப்படியே இருக்கும்.’ அடுத்த வரியில் அழிக்கும் வழி. கணக்கு தொடங்க விடும் எந்த ஆப்பும் அதை நீக்க ஆப்புக்குள் ஒரு வழியும் வெளியே ஓர் இணைய இணைப்பும் தர வேண்டும் என்று பிளே ஸ்டோரும் கேட்கிறது. எங்களிடம் வெளி இணைப்பு இல்லை. செய்து வைத்தோம்.

தெருவின் அக்கா கேட்டதுதான் எனக்கு வேறு ஒரு கதவைத் திறந்தது. முழுதும் படித்துவிட்டு, “இது பால்காரருக்கு எழுதினது. என் பேரும் நம்பரும் இதுல இருக்குன்னு எனக்கு யார் சொன்னது?” என்றார். அவர் ஆப்பை இறக்கவே இல்லை. எங்களிடம் இருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை அவரைப் போன்றவர்களுடையவை. அவர்கள் கண்ணில் அறிவிப்பு படவே வாய்ப்பில்லை. மாதக் கடைசியில் அவர்கள் கைக்குப் போகும் ஒரே பொருள் பில். அதனால் பில் செய்தியின் அடியில் ஒரு வரி சேர்த்தோம்: ‘உங்கள் பெயர், நம்பர், பால் அளவை உங்கள் பால்காரர் இந்த ஆப்பில் எழுதி வைத்திருக்கிறார். எதற்கு, எப்படி எடுப்பது என்று இங்கே பார்க்கலாம்’, அப்புறம் ஓர் இணைப்பு. இணைப்பைத் தொட்டால் அவர்களுக்கென்று எழுதிய ஆறு வரிப் பக்கம். பால்காரர்களில் சிலர் இதை விரும்பவில்லை, வீட்டுக்காரர் தேவையில்லாமல் கேள்வி கேட்பார் என்றார்கள். நாங்கள் எடுக்கவில்லை.

பிறகு தெரிந்த வக்கீல் அக்கா ஒருவரிடம் கொடுத்தோம். எளிமையாக்கியதில் அவருக்கு மறுப்பில்லை. அந்த 2023 சட்டத்துக்கு 2025 நவம்பரில் வந்த விதிகளே இதைத்தான் கேட்கின்றன என்றார். அறிவிப்பு வேறு எதையும் படிக்காமல் தனியாகவே புரிய வேண்டும், விவரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எதற்கு என்றும் சொல்ல வேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யவும் வழி காட்ட வேண்டும். ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. இவற்றில் பெரும்பகுதி அமலுக்கு வர 18 மாத அவகாசம் உண்டு என்றாலும் இப்போதே செய்துவிடுங்கள் என்றார்.

அவர் சிவப்புப் பேனாவால் அடித்தது என் மிக எளிய இரண்டு வரிகளை. ‘உங்கள் விவரங்களை யாருக்கும் கொடுக்க மாட்டோம்.’ நீதிமன்ற உத்தரவு வந்தால் என்ன செய்வாய், ஓடிபி கம்பெனிக்கு நீயே கொடுக்கிறாயே என்றார். ‘நீக்கு பட்டனைத் தொட்டதும் எல்லாம் அழிந்துவிடும்.’ சர்வரின் பழைய பிரதிகளை எத்தனை நாள் வைத்திருக்கிறாய் என்றார். 30 நாள். அப்படியானால் தொட்டதும் அழியவில்லை. எளிமையாக எழுதும் அவசரத்தில் இப்படி உண்மையைவிடப் பெரிய வாக்கு கொடுத்துவிடுவது எனக்கு முன்பு உறைக்கவில்லை. சின்ன வாக்கியம் இனிமையாக இருக்கும், ஆனால் ‘யாருக்கும்’, ‘எல்லாம்’, ‘எப்போதும்’ மூன்றும் வரும் இடமெல்லாம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

‘உங்கள் கணக்கை நாங்கள் பார்க்க மாட்டோம்’ என்ற வரியும் அப்படித்தான். சர்வர் சாவி எங்கள் இருவரிடமும் இருக்கிறது, பார்க்க முடியும். ஆகவே பார்க்க முடியும் என்று எழுதி, எப்போது பார்ப்போம் என்றும் எழுதினோம். அது வெறும் எழுத்தாக நிற்கக்கூடாது என்பதற்காக, யாருடைய கணக்கை யார் எப்போது திறந்தார் என்று சர்வரில் பதிவாகும்படி செய்தோம்.

இப்போது ஆப்பில் இருப்பது இது. தலைப்பு ‘தனியுரிமைக் கொள்கை’ இல்லை.

> உங்கள் விவரங்களை நாங்கள் என்ன செய்கிறோம்
>
> உங்கள் போன் நம்பர். ஆப்புக்குள் வருவது நீங்கள்தானா என்று பார்க்க வாங்குகிறோம். ஓடிபி அனுப்பும் நிறுவனத்துக்கு இதைக் கொடுக்கிறோம். விளம்பரத்துக்குக் கொடுக்க மாட்டோம்.
>
> வீட்டுக்காரர் பெயர், நம்பர், பால் அளவு, பாக்கி. பில் போடுவதற்காக வைத்திருக்கிறோம். மும்பையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த சர்வரில் இருக்கிறது. எங்கள் இருவரால் இதைப் பார்க்க முடியும். நீங்கள் உதவி கேட்டால் மட்டும் திறப்போம். நீதிமன்றமோ சட்டப்படி அதிகாரம் உள்ள அரசு அலுவலகமோ கேட்டால் கொடுக்க வேண்டி வரும்.
>
> நீங்கள் எழுதும் குறிப்பு. எங்களுக்கு வராது. உங்கள் போனில்தான் இருக்கும். போன் தொலைந்தால் குறிப்பும் போய்விடும்.
>
> ஆப் திடீரென்று நின்றால், போன் மாடலும் எங்கே நின்றது என்பதும் கூகுளின் கிராஷ்லிடிக்ஸுக்குப் போகும். பழுது பார்க்க அதைப் பார்க்கிறோம். அங்கே 90 நாள் இருக்கும்.
>
> போன் மாற்றினால் கணக்கு திரும்பக் கிடைக்க, உங்கள் போன் ஒரு பிரதியை உங்கள் கூகுள் கணக்கில் வைக்கும். வேண்டாம் என்றால் போன் செட்டிங்ஸில் அணைக்கலாம்.
>
> அழிக்க வேண்டுமா? ஆப்பைப் போனிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது. கணக்கு எங்கள் சர்வரில் அப்படியே இருக்கும். ‘என் கணக்கு’ என்பதைத் திறந்து ‘எல்லாவற்றையும் அழி’ என்பதைத் தொடுங்கள். உடனே கணக்கு மறையும். எங்கள் பழைய பிரதிகளில் இருந்து 30 நாளில் போய்விடும்.
>
> கேள்வி இருந்தால் கீழே உள்ள நம்பருக்குக் கூப்பிடுங்கள், நாங்களே எடுப்போம். எங்கள் பதில் சரியில்லை என்றால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யலாம். அதற்கான இணைப்பும் கீழே இருக்கிறது.

இதோடு, பிளே ஸ்டோரில் நாங்கள் நிரப்பியிருந்த தரவுப் பாதுகாப்புப் படிவத்தையும் திருத்த வேண்டியிருந்தது. அதில் இருப்பிடம் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தோம், ஆப் இருப்பிட அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. அறிவிப்பு, அந்தப் படிவம், கட்டிய கோப்பின் அனுமதிப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. இப்போது ஒவ்வொரு புதுப் பதிப்புக்கு முன்பும் மேலே உள்ள கட்டளையை ஓட்டி, போன பதிப்பின் பட்டியலோடு ஒப்பிடுகிறோம். ஒரு வரி கூடியிருந்தால் அறிவிப்பில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுகிறோம்.

மறுபடியும் அதே ஐந்து பேரில் நான்கு பேரிடம் போனேன், ஒருவர் ஊரில் இல்லை. நான்காவது கேள்விக்கு மூன்று பேர் நேராக ‘என் கணக்கு’ பக்கத்துக்குப் போய்க் காட்டினார்கள். சந்தைக்காரர் மட்டும் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டுத் தொடத் தயங்கினார். தொட்டால் இப்போதே போய்விடுமா, இல்லை கேட்குமா என்றார். கேட்கும் என்று அறிவிப்பில் எழுதவில்லை. ‘உறுதியா என்று ஒருமுறை கேட்போம்’ என்று சேர்க்க வேண்டும், அடுத்த பதிப்பில் வருகிறது. தை மாதம் போன் செய்தவருக்கும் புதிய பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன். சாயங்காலம் பால் ஊற்றி முடித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“படிச்சேங்க தம்பி. இந்தக் கூகுள் பிரதிய எங்க போயி அணைக்கறதுங்க?”

அவர் போன் மாடலைக் கேட்டு, எந்தெந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த வழியையும் அறிவிப்பில் எழுத முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கம்பெனி போனிலும் அது வேறு வேறு இடத்தில் இருக்கிறது.